வளையச் சோதனையும் புகையும் துப்பாக்கிச் சோதனையும்

2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதற்குச் சென்னையின் வறட்சியே காரணம் என்ற கருதுகோளை, ஒரு விளைவு எப்படி நேர்ந்தது என்பதைச் சான்றுகளால் படிப்படியாகப் பின்தொடரும் செயல்முறைத் தடமறிதலால் சோதிப்பதாகக் கொள்வோம். அரசு இந்த முடிவை எடுக்கும் முன்பே தண்ணீர்த் தட்டுப்பாடு நிலவியதா என்று கேட்பது வளையச் சோதனை. இல்லையென்றால் கருதுகோள் வீழும், ஆம் என்றால் பிழைத்திருக்கும், அவ்வளவே, ஏனெனில் போட்டி விளக்கங்களும் அதே வளையத்தில் நுழைந்துவிடலாம்.

வறட்சியைச் சுட்டி, பிற வழிகளை ஏன் கைவிட்டார்கள் என்று விளக்கும் உள்கோப்புக் குறிப்பைத் தேடுவது புகையும் துப்பாக்கிச் சோதனை. கிடைத்தால் கருதுகோள் பெரிதும் வலுப்பெறும். கிடைக்காவிட்டால் சற்றே தளரும், கோப்புகள் அழிக்கப்படுவதும் உண்டல்லவா? குறிப்பின் தேதி முடிவுக்குப் பிந்தியது என்றால், அது பின்னால் எழுதிய நியாயப்படுத்தலாகவும் இருக்கலாம்.

வளையத்தில் தேறியதையே நிரூபணமாக எழுதிவிடும் ஆபத்து இருப்பதால், அதை வடிகட்ட மட்டும் பயன்படுத்தி, எஞ்சும் கருதுகோள்களுக்கே ஆவணக் காப்பகத்தில் நேரம் செலவிடுவது நல்லது என்பேன்.