போனை எப்போது வைப்பது: மகனிடம் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன்

என் மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி திறந்ததிலிருந்து இரவு 12 மணி தாண்டியும் போனில் பிஜிஎம்ஐ என்ற கேம் விளையாடிக்கொண்டிருந்தான். காலை 7.10-க்கு வேன். வாட்ஸ்அப்பில் உத்தரவு போட்டுப் பார்த்தேன், பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் Family Link ஆப்பில் நேரம் வைத்துப் பூட்டிப் பார்த்தேன், கடைசியாகப் பேசக் கூப்பிட்டு ஒரு செய்தி எழுதினேன். அந்தக் கடைசி வழியைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உத்தரவு இப்படி இருந்தது: "இனிமே 9 மணிக்கு போன் என் கைக்கு வரணும். எப்பப் பாரு போன்தான்." இரண்டு நாள் கொடுத்தான். மூன்றாம் நாள், "நேத்து சாயங்காலம் வரைக்கும் நான் போனைத் தொடவே இல்ல, எப்படி எப்பப் பாருன்னு சொல்லுவ?" என்று ஆரம்பித்தான். அவன் சொன்னது உண்மை. தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அந்த ஒரு வார்த்தையைப் பற்றிச் சண்டை போட்டோம்.

பூட்டு சொன்ன நேரத்துக்குச் சரியாக வேலை செய்யும். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அது 9.30-க்கு விழுந்தபோது அவன் ஆட்டத்தின் நடுவில் இருந்தான். நாலு பேர் ஒரே அணியாக ஆடுவது, ஒரு ஆட்டம் அரை மணி நேரம்கூடப் போகும், நடுவில் நிறுத்திவைக்க வழி கிடையாது. அவன் கத்தியது போனுக்காக என்று நினைத்தேன். மூன்று நண்பர்களைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததற்காக என்பது பிறகுதான் புரிந்தது. மறுநாள் தாத்தாவின் போனில் விளையாடினான்.

அடுத்து எழுதிய செய்தி இது. மாலை 5 மணிக்கு, குடும்பக் குரூப்பில் போடாமல் அவனுக்கு மட்டும் அனுப்பினேன்:

"கண்ணா, இந்த வாரம் மூணு நாள் ராத்திரி 12 மணிக்கு மேலயும் உன் ரூம்ல லைட் எரிஞ்சுது. செவ்வாய்க்கிழமை வேனை விட்டுட்ட. உனக்குத் தூக்கம் பத்தலையோன்னு கவலையா இருக்கு. ஸ்கூல் இருக்கிற நாள்ல 11 மணிக்குத் தூங்கிடணும், அதுல மாத்தம் இல்ல. போனை எப்போ, எப்படி வைக்கிறதுன்னு நீ யோசிச்சுச் சொல்லு. எனக்குத் தெரியாத விஷயம் ஏதாவது இருந்தா அதையும் சொல்லு. சனிக்கிழமை டீ குடிக்கும்போது பேசலாமா?"

நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதியதால் மறுக்க இடமில்லை. ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவனிடம் விட்ட முடிவை உண்மையிலேயே அவனிடம் விடுவது. இதன் முதல் வரைவை "9.30-க்கு வெச்சிடலாமா?" என்று முடித்திருந்தேன். பார்க்கக் கேள்வி மாதிரி இருக்கும், முடிவு என்னவோ நான் எடுத்ததுதான். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் என் தங்கை படித்துவிட்டு, "இதுக்கு அவன் சரின்னோ முடியாதுன்னோதான் சொல்ல முடியும்" என்றாள். அந்த வரியை எடுத்துவிட்டேன். அதே சமயம் மாறாதது எது என்பதையும் முதலிலேயே எழுத வேண்டியிருந்தது. 11 மணி என்பதைச் செய்தியில் மறைத்துவிட்டு சனிக்கிழமை எடுத்துப் போட்டிருந்தால், ஏமாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பான்.

பதில் உடனே வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தது: "மணி பாத்து நிறுத்த முடியாதும்மா. கடைசி மேட்ச் எப்போ ஆரம்பிக்கணும்னு வெச்சா ஓகே." இது எனக்குத் தோன்றியே இருக்காது. சனிக்கிழமை பேசி, 9.45-க்குப் பிறகு புது ஆட்டம் இல்லை, 10.30-க்கு போன் ஹாலில் சார்ஜில் என்று முடிவு செய்தோம்.

வழி எதுவானாலும் இரண்டாவது வாரத்தில்தான் அதன் பாடு தெரிகிறது. உத்தரவு போட்டபோது தினமும் 9 மணிக்கு நான் போய் கையை நீட்ட வேண்டியிருந்தது. பூட்டியபோது கூடுதல் நேரம் கேட்டு அடிக்கடி கோரிக்கை வந்தது. இந்த ஏற்பாட்டில் ஐந்து வாரத்தில் நாலு முறை நேரம் தாண்டியிருக்கிறான். அன்று இரவு எதுவும் சொல்வதில்லை, இருவருக்கும் அலுப்பாக இருக்கும். மறுநாள் மாலை, "நேத்து 11.15 ஆயிடுச்சு. கடைசி மேட்ச் எப்போ ஆரம்பிச்சுது?" என்று மட்டும் கேட்பேன். ஒரு நண்பன் தாமதமாக வருவதால் ஆரம்பிக்கவே நேரமாகிறது என்று தெரிந்தது. அவனே 9.45-ஐ 9.30 ஆக்கினான்.

அரையாண்டுத் தேர்வு இன்னும் வரவில்லை, அப்போதும் இது நிற்குமா என்று பார்க்க வேண்டும். தங்கை மகளுக்குப் பிரச்சினை ரீல்ஸ். அதில் ஆட்டம் முடிவது மாதிரி ஒரு இடமே கிடையாது, அதனால் எங்கள் விதி அங்கே பொருந்தாது. அவளே போன் செட்டிங்ஸில் இருக்கும் Digital Wellbeing-இல் ஒரு நேர அளவு வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது.