குளிரில் எரிந்து சூட்டில் அணையும் விளக்கு: பேட்டரியா, எர்த்தா, ஆல்டர்னேட்டரா?

மலைப்பகுதியில் இரவு முழுவதும் வெளியில் நின்ற காரை அதிகாலையில் எடுக்கும்போது பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், பேட்டரி ஆகிய விளக்குகள் சேர்ந்தோ தனித்தனியாகவோ எரிவதும், வண்டி சூடேறிய பிறகு அவை அணைந்துவிடுவதும் பலருக்குப் பழகிப்போன தொல்லை. பணிமனைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் விளக்கு எதுவும் எரியாது என்பதால், பெரும்பாலும் பேட்டரியை மாற்றச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் இதே அறிகுறியைத் தரக்கூடியவை மூன்று: வலுவிழந்த பேட்டரி, பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் பாடியோடு சேர்க்கும், அரித்துப்போன எர்த் இணைப்பு, சரியாகச் சார்ஜ் செய்யாத ஆல்டர்னேட்டர். (சிவப்பு ஆயில் விளக்கு இந்தக் கணக்கில் சேராது. என்ஜின் ஓடும்போது அது எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும்.)

முதலில் ஆல்டர்னேட்டரைப் பிரித்தறிந்துவிடலாம், ஏனென்றால் அதன் குணம் வேறு. பேட்டரியும் எர்த்தும் செல்ஃப் அடிக்கும் அந்த ஓரிரு நொடிகளில் தொல்லை தருகின்றன. ஆல்டர்னேட்டரோ என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு தருகிறது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் சிவப்பு பேட்டரி விளக்கு மட்டும் தொடர்ந்து எரியும். ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தினால் அணைந்துவிடுவதும் உண்டு. பெல்ட் தளர்ந்திருந்தால் அதோடு கீச்சென்ற சத்தமும் கேட்கும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். முதல் சில நிமிடங்கள் 12.5-க்குக் கீழேயே நின்று, பிறகு திடீரென்று 14-க்கு ஏறினால் பார்க்க வேண்டியது ஆல்டர்னேட்டரைத்தான்.

மற்ற இரண்டையும் பிரிப்பதுதான் கடினம், ஏனென்றால் இரண்டின் விளைவும் ஒன்றே. குளிரில் ஆயில் கெட்டிப்படுவதால் என்ஜினைச் சுழற்ற ஸ்டார்ட்டருக்கு அதிக மின்னோட்டம் தேவைப்படுகிறது. அதே குளிரில் பேட்டரியின் வலுவும் குறைந்திருக்கிறது. அந்த நொடியில் மின்னழுத்தம் மிகவும் விழுந்துவிட்டால், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவற்றின் மின்னணுப் பெட்டிகள் அதைப் பழுதாகப் பதிவு செய்து விளக்கை எரியவிடுகின்றன. என்ஜின் ஓடத் தொடங்கி மின்னழுத்தம் மீண்டதும் சில வண்டிகளில் விளக்கு தானே அணையும். சிலவற்றில் சற்று ஓட்டிய பிறகோ, அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்த பிறகோதான் போகும். அதாவது விளக்கை அணைப்பது பெரும்பாலும் என்ஜினின் சூடு அல்ல, மீண்டு வந்த வோல்ட்டேஜ்.

பேட்டரியைச் சோதிக்க, இரவு முழுவதும் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பும் முன் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். அடுத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. கடுங்குளிரில் இதைவிடச் சற்று இறங்குவது இயல்பே. முழுச் சார்ஜில் இருந்தும் 8-க்கு விழுந்தால் பேட்டரி தன் ஆயுளை முடித்துக்கொண்டது என்று கொள்ளலாம்.

எர்த் சோதனையைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. என்னுடைய பழைய பெட்ரோல் காரில் தை மாதம் முழுவதும் காலையில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தது. புதுப் பேட்டரி வாங்கிக்கொள்ளும்படி கடையில் சொன்னார்கள். அளந்தபோது நின்ற நிலையில் 12.5, செல்ஃப் அடிக்கும்போது 10.1. பேட்டரி நன்றாகவே இருந்தது. பிறகு மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் தலையிலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 0.9 காட்டியது. பேட்டரி 10.1 கொடுத்தும் ஸ்டீயரிங் பெட்டிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 9.2 மட்டுமே. மறுமுனையைப் பாடியிலிருந்து எடுத்து, கம்பத்தைக் கவ்வியிருக்கும் கேபிள் கிளாம்ப் மேல் வைத்தபோதும் 0.8 இருந்தது, ஆகவே பழுது கேபிளில் இல்லை, கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையில்தான் இருந்தது. கிளாம்பின் மேலேயே முனையை வைத்து அளப்பவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

மின்னோட்டம் கூடக் கூட இணைப்பில் இழக்கும் வோல்ட்டும் கூடும் என்பதால், மதியம் அதே இணைப்பு ஒழுங்காக இருப்பதுபோல் நடிக்கும். கிளாம்பைக் கழற்றியபோது உட்புறம் சாம்பல் நிறத்தில் படலம் கட்டியிருந்தது. வெளியே துளிப் பொடிகூட இல்லை. வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி முடுக்கிய பின் மேலே வாசலின் பூசினேன். மறுநாள் காலை அதே இடத்தில் மீட்டர் 0.1 காட்டியது, விளக்கு எரியவில்லை.