ராமேஸ்வரம் தீர்த்தமாட: காட்டனா, பாலியஸ்டரா?

கோயிலுக்கு என்றாலே காட்டன்தான் என்பேன். ராமேஸ்வரத்தில் மட்டும் அந்தப் பேச்சு பாதிதான் செல்லும்.

அக்னி தீர்த்தக் கடலில் முங்கிவிட்டு, உள்ளே 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். காட்டன் சுடிதார் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். காலோடு ஒட்டி, வழுக்கும் கல்தரையில் நடையைத் தடுக்கும். வெளிர் நிறமென்றால் நனைந்ததும் உள்ளே தெரியும். பாலியஸ்டர் கலந்த அடர்நிற சுடிதார் அவ்வளவு நீர் பிடிக்காது, பிழிந்ததும் லேசாகிவிடும். தோளில் துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாவது வாளியிலேயே நழுவும்.

ஆனால் ஈர உடையோடு மூலவர் தரிசனத்துக்கு விடமாட்டார்கள், மாற்றியாக வேண்டும். அங்கே காட்டன்தான். கூட்டத்தில் வரிசை நகராமல் நிற்கும்போது பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாமல் பிசுபிசுக்கும். காட்டன் புடவையோ, முழங்கை வரை கை வைத்த குர்தாவோ பையில் தனி கவரில் இருக்கட்டும்.

செருப்பா? வார் மாட்டும் ஷூவை ஈரக்கையோடு கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரப்பர் செருப்பு போதும். அறை பக்கத்திலிருந்தால் அதையும் அங்கேயே விட்டுவிடலாம், வெயில் ஏறுவதற்குள் திரும்புவதானால்.