இரண்டு கேபிள் போட்டால் இரு மடங்கு வேகம் என்று விற்றார்கள்: நாஸ் வைத்திருப்போர் கவனத்திற்கு

மதுரையில் திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுக்கும் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்துகிறேன். ஒவ்வொரு நிகழ்ச்சியின் படப்பதிவையும் ஒரே tar கோப்பாகக் கட்டி, இரவில் கடையை மூடுவதற்கு முன், நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டியான நாஸில் ஏற்றிவிடுவது எங்கள் வழக்கம். ஒரு கல்யாணத்துக்கு இந்தக் கோப்பு சராசரியாக 240 ஜிபி வரும். தொகுப்புக் கணினியில் லினக்ஸ் ஓடுகிறது, கோப்பு வேகமான எஸ்எஸ்டியில் இருக்கிறது, நாஸில் நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் ரெய்டு 5 முறையில் உள்ளன. இரு பக்கமும் 1 ஜிகாபிட் ஈத்தர்நெட் என்பதால் நகலெடுக்கும் வேகம் நொடிக்கு 112 எம்பி அளவில் நின்றுவிடும். ஒரு கோப்பு ஏற 36 நிமிடம் ஆகும். முகூர்த்த நாள்களில் மூன்று கோப்புகள் வரிசையில் நின்றால் இரவு பதினொரு மணி வரை யாராவது ஒருவர் காத்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை, எங்களுக்குக் கணினிப் பொருள்கள் விற்கும் கடையில் எழுத்து மூலமாகவே தெரிவித்தேன். "ஒரே கணினியிலிருந்து ஒரே பெரிய கோப்பு விரைவாக ஏற வேண்டும்" என்பதுதான் நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் சொற்கள். நாஸில் ஏற்கெனவே இரண்டு போர்ட்டுகள் இருப்பதால், பல கேபிள்களைச் சேர்த்து ஒரே இணைப்பாகப் பயன்படுத்தும் லிங்க் அக்ரிகேஷன் ஆதரவுள்ள ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச்சும் கணினிக்கு இரண்டு போர்ட் கொண்ட ஓர் அட்டையும் போட்டால் வேகம் இரு மடங்காகும் என்று கூறி, அமைப்புக் கூலியையும் சேர்த்து 31,000 ரூபாய் வாங்கினார்கள். பில்லில் "2 ஜிகாபிட் நாஸ் இணைப்பு" என்றே எழுதியிருக்கிறார்கள்.

வேலை முடிந்த அன்று நாஸின் நெட்வொர்க் பக்கத்தில் 2000 Mbps என்று காட்டியது. கடைக்காரரின் ஆள் தன் மடிக்கணினியிலிருந்தும், எங்கள் வரவேற்பு மேசைக் கணினியிலிருந்தும் ஒரே நேரத்தில் கோப்புகளை அனுப்பினார். இரண்டிலும் தலா 110 எம்பி வந்தது. "பார்த்தீர்களா சார், மொத்தம் 220" என்றார். நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அன்று இரவு தொகுப்புக் கணினியிலிருந்து என் 240 ஜிபி கோப்பை அனுப்பியபோது, வேகம் அதே 112 எம்பி. நேரமும் அதே 36 நிமிடம்.

அவர் காட்டிய சோதனை பொய்யன்று. ஆனால் அது நான் கேட்ட கேள்விக்கான சோதனையும் அன்று. லிங்க் அக்ரிகேஷன் என்பது இரண்டு கேபிள்களை உருக்கி ஒரே தடித்த கேபிளாக்கும் வேலை அல்ல. அனுப்பும் சாதனம் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் உள்ள முகவரிகளை எடுத்து ஒரு சிறிய கணக்குப் போட்டு, அதில் வரும் விடையை வைத்து அந்தப் பாக்கெட் எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. முகவரிகள் மாறாத வரை விடையும் மாறாது. ஆகவே ஒரே உரையாடலைச் சேர்ந்த எல்லாப் பாக்கெட்டுகளும் ஒரே கேபிளில்தான் போகும், மற்றொரு கேபிள் சும்மா கிடக்கும். 2000ஆம் ஆண்டில் வந்த 802.3ad தரநிலையிலேயே இதற்கான காரணம் இருக்கிறது: ஓர் உரையாடலின் பாக்கெட்டுகள் வரிசை பிறழாமல் போய்ச் சேர வேண்டும் என்று அது கோருகிறது. வரிசை பிறழ்ந்தால், பெறும் பக்கத்து டிசிபி ஏதோ தொலைந்துவிட்டது என்று குறிப்பு அனுப்பும். அனுப்பும் பக்கம் தேவையில்லாமல் மறுபடி அனுப்புவதோடு தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். நாஸுக்கு எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாக ஒரு கோப்பை நகலெடுப்பது வழக்கமாக ஒரே டிசிபி இணைப்பில்தான் நடக்கிறது என்பதால், இரண்டு கேபிள் போட்டாலும் எட்டுக் கேபிள் போட்டாலும் அந்த ஒரு கோப்புக்குக் கிடைப்பது ஒரு கேபிளின் வேகம் மட்டுமே.

இரண்டு கணினிகளுக்கு 220 வந்ததுகூட அன்றைய வாய்ப்பினால் வந்ததுதான். பின்னர் அதே வரவேற்புக் கணினியையும் ஸ்டுடியோவின் இன்னொரு கணினியையும் ஒன்றாக ஓடவிட்டபோது, இரண்டுக்கும் 56 எம்பி வீதமே கிடைத்தது. முகவரிக் கணக்கு மேக் முகவரியை மட்டும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு கணினிகளுக்கும் கணக்கின் விடை ஒன்றாக அமைந்ததால் இரண்டும் ஒரே கேபிளில் இடித்துக்கொண்டன. ஸ்விட்ச்சின் போர்ட் எண்ணிக்கைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இது வெளிப்படையாகத் தெரிகிறது: நாஸுக்குப் போகும் ஒரு போர்ட்டில் பைட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, பக்கத்துப் போர்ட்டில் எண் ஏறவே இல்லை.

புகார் செய்தபோது முதலில் கேபிள் சரியில்லை என்றார்கள், பிறகு ஹார்ட் டிஸ்க் மெதுவானது என்றார்கள். டிஸ்க்கைச் சம்பந்தப்படுத்தாமல் இணைப்பை மட்டும் அளக்க iperf3 என்ற கருவி இருக்கிறது. நாஸில் `iperf3 -s` என்று ஓடவிட்டு, கணினியிலிருந்து இந்த இரண்டு கட்டளைகளையும் கொடுத்தேன்:

```
iperf3 -c 192.168.1.20 -P 1 -t 30
iperf3 -c 192.168.1.20 -P 4 -t 30
```

முதலாவது ஒரே ஓட்டம், இரண்டாவது நான்கு ஓட்டங்கள். தொடக்கத்தில் இரண்டுக்குமே 941 Mbits/sec என்றுதான் வந்தது. கணினியிலும் ஸ்விட்ச்சிலும் கணக்கு முறையை, போர்ட் எண்களையும் சேர்த்துப் பார்க்கும் layer3+4 முறைக்கு மாற்றிய பிறகு, நான்கு ஓட்டங்களின் மொத்தம் 1.8 ஜிகாபிட்டைத் தாண்டியது. ஒற்றை ஓட்டமோ 941-ஐ விட்டு அசையவில்லை. 1 ஜிகாபிட் கேபிளில் தலைப்புகளுக்கான செலவு போக டிசிபிக்கு மிஞ்சுவது அவ்வளவுதான். இதை எம்பிக்கு மாற்றினால் நொடிக்கு 117 சொச்சம் வரும்; எஸ்எம்பியின் சொந்தச் செலவும் போக 112 நிற்கிறது. ஆக, கேபிளிலும் குறையில்லை, டிஸ்க்கிலும் குறையில்லை.

அதற்குப் பிறகு வந்த இன்னொரு ஆள் கணினியின் இரண்டு போர்ட்டுகளையும் சேர்த்துக் கட்டும் பாண்டிங் முறையை balance-rr என்று மாற்றினார். இந்த முறை பாக்கெட்டுகளை முகவரி பார்க்காமல் இரண்டு கேபிள்களிலும் மாற்றி மாற்றி அனுப்பும் என்பது உண்மை. ஆனால் கணினியிலிருந்து ஸ்விட்ச் வரைதான் அது நடக்கிறது. ஸ்விட்ச்சிலிருந்து நாஸுக்குப் போகும் பாதியில் ஸ்விட்ச் தன் பழைய கணக்கையே போட்டு, இரண்டு கேபிளில் வந்ததையும் ஒன்றிலேயே தள்ளுகிறது. iperf3 அட்டவணையின் Retr என்ற பத்தியில் அதுவரை சுழியமாகவோ ஒற்றை இலக்கமாகவோ இருந்த எண் ஆயிரக்கணக்கில் ஏறியது, கோப்பின் வேகம் 90 எம்பிக்கு இறங்கியது. முன்னைவிட மோசமான நிலையில் விட்டுவிட்டு, "செட்டில் ஆக இரண்டு நாள் ஆகும்" என்று சொல்லிச் சென்றார். மறுநாள் காலை நானே பழைய முறைக்கு மாற்றினேன்.

ஒற்றை ஓட்டத்தை வேகமாக்க வேண்டுமானால் அந்த ஒரு கேபிளே வேகமாக வேண்டும். எந்த அளவுக்கு என்பதை நாஸின் டிஸ்க்குகள்தான் சொல்ல வேண்டும். நாஸுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, நெட்வொர்க்கைத் தொடாமல் நேரடியாக எழுதிப் பார்த்தேன்:

```
dd if=/dev/zero of=/data/test.bin bs=1M count=20000 conv=fdatasync
```

நொடிக்கு 310 எம்பி என்று வந்தது. இறுதியில் உள்ள fdatasync இல்லாவிட்டால் நினைவகத்தில் எழுதிய வேகத்தையே டிஸ்க்கின் வேகமாகக் காட்டிவிடும். கோப்பு முறைமையில் சுருக்கம் இயக்கத்தில் இருந்தால் வெறும் சுழியங்களை வைத்து எடுக்கும் இந்த அளவு நம்பத்தக்கதன்று. எனக்குச் சுருக்கம் இல்லை. 310 எம்பிக்கு 10 ஜிகாபிட் அட்டை வாங்கினால் அதன் பெரும்பகுதி வீணாகும். 2.5 ஜிகாபிட் ஈத்தர்நெட்டோ ஒரே ஓட்டத்தில் 280 எம்பி அளவு தரும், 2016இல் வந்த 802.3bz தரநிலைப்படி சாதாரண கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடும். நாஸில் காலியான விரிவாக்க ஸ்லாட் இருந்ததால், 2.5 ஜிகாபிட் அட்டைகள் இரண்டை வேறிடத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குள் வாங்கி, ஒன்றைக் கணினியிலும் மற்றொன்றை நாஸிலும் செருகி, ஏற்கெனவே சுவரில் இருந்த ஒரு கேபிளால் ஸ்விட்ச் இல்லாமல் நேராக இணைத்தேன். அட்டைகளுக்கு 10.0.0.1, 10.0.0.2 என்று தனி முகவரிகள் கொடுத்தேன்.

முதல் முயற்சியில் அப்போதும் 112தான் வந்தது. ஒரு மணி நேரம் தேடிய பிறகே, நாஸின் பங்குக் கோப்புறை பழைய 192.168.1.20 முகவரியிலேயே மவுண்ட் ஆகியிருப்பதைக் கண்டேன். 10.0.0.2 வழியாக மறுபடி மவுண்ட் செய்ததும் வேகம் 280க்கு ஏறி, கோப்பின் முடிவு வரை அங்கேயே நின்றது. 240 ஜிபி இப்போது 14 நிமிடத்தில் முடிகிறது. நீங்கள் அளக்கும்போது முதல் சில நொடிகளின் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். நாஸின் நினைவகம் நிரம்பும் வரை டிஸ்க்கின் உண்மையான வேகம் வெளியே தெரியாது. கோப்பு வெளி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலிருந்து வருகிறது என்றால், அந்த டிஸ்க்கின் வாசிப்பு வேகத்துக்கு மேல் எந்த அட்டையும் தராது.

இரண்டு 1 ஜிகாபிட் போர்ட்டுகளையே வைத்து ஒரே கோப்பை வேகப்படுத்த ஒரு வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்எம்பி 3.0இலிருந்து வந்த மல்டிசேனல் என்ற வசதி, ஒரே நகலெடுப்புக்குப் பல டிசிபி இணைப்புகளைத் திறந்து பல போர்ட்டுகளில் பங்கிடுகிறது. அதற்குப் போர்ட்டுகளைப் பாண்டிங்கில் கட்டக் கூடாது. ஒவ்வொன்றும் தனி ஐபி முகவரியோடு தனியாக நிற்க வேண்டும், கணினி, நாஸ் இரண்டின் மென்பொருளும் அதை ஆதரிக்க வேண்டும். நாஸ்களில் எஸ்எம்பியை இயக்கும் மென்பொருளான சாம்பாவில் இது 2021இல் வந்த 4.15 பதிப்பிலிருந்துதான் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது. என் நாஸில் இருந்தது அதைவிடப் பழையது. கடைக்காரர் இந்த வழியைப் பரிந்துரைத்திருந்தால் நியாயம் இருந்திருக்கும். அவர் விற்றது இது அல்ல.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் சோதனைக்குக் கையெழுத்திட்டதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் இன்னொரு ஸ்டுடியோவுக்கும் இதே ஸ்விட்ச்சையும் இதே அட்டையையும் சேர்த்து மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உங்களிடம் யாராவது இந்தத் தொகுப்பைக் கொண்டுவந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் மதிப்பீட்டுத் தாளிலேயே இதை எழுதித் தரச் சொல்லுங்கள்: ஒரே கணினியிலிருந்து `iperf3 -P 1` எத்தனை Mbits/sec காட்டும், 100 ஜிபிக்குக் குறையாத ஒற்றைக் கோப்பு எத்தனை நிமிடத்தில் ஏறும். ஒப்படைக்கும் நாளில் அந்த இரண்டையும் உங்கள் சொந்தக் கணினியில், உங்கள் சொந்தக் கோப்பை வைத்து ஓடவிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.