ரப்பர் ஷீட் அனுப்புகிறவர்களுக்கு: லாரி அலுவலகம் 'முழு இன்சூரன்ஸ்' என்றால் நம்பாதீர்கள். எனக்கு 62,620 ரூபாய் நஷ்டம்

இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. நான்கே வரி. நான்காவது வரி 'வருந்துகிறோம்'. அவர்கள் வருந்துவதை வைத்து நான் என்ன செய்ய? கை நடுங்கும் கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் சிறிய அளவில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறேன். கோயம்புத்தூரில் ரப்பர் பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்துக்கு ஆர்.எஸ்.எஸ். 4 தரத்தில் 80 கட்டு அனுப்பினேன். கட்டுக்கு 50 கிலோ வீதம் 4,000 கிலோ, கிலோ 190 ரூபாய், மொத்தம் 7,60,000. ஏற்றியது எங்கள் பகுதியில் புக்கிங் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு லாரி சர்வீஸ். பெயர் சொல்லவில்லை, சொன்னால் வேறு தலைவலி வரும்.

வாடகை 9,600 என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே 'இன்சூரன்ஸ் 760' என்று இன்னொரு வரி எழுதினார் அந்த ஊழியர். மழைக்காலமாயிற்றே, நனைந்தால் கிடைக்குமா என்று கேட்டேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே, "அண்ணாச்சி, மழை, திருட்டு, உடைவு எல்லாம் இதில் அடங்கும். முழு இன்சூரன்ஸ். நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்" என்றார். அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவ்வளவு தெளிவாகச் சொல்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது? இன்சூரன்ஸ் சான்றிதழ் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தபோது லாரி ஆரல்வாய்மொழியைத் தாண்டிவிட்டது.

கோயம்புத்தூரில் இறக்கும்போது பார்த்தால் தார்ப்பாயில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். அதற்கு நேர் கீழே இருந்த 26 கட்டுகளில் ஷீட்டுக்கு இடையே தண்ணீர். பிரித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, மக்கிய வாடை. வாங்குபவர் நல்ல மனிதர். லாரி ரசீதான எல்.ஆரில் 'தார்ப்பாய் கிழிந்து 26 கட்டு நனைந்துள்ளது' என்று எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் சரக்கை இறக்கவே விட்டார். மீதி 54 கட்டையும் எடுத்துக்கொண்டார், நனைந்ததைத் திருப்பி அனுப்பினார்.

இன்சூரன்ஸ் கோரிக்கைக் கடிதத்தை மிகக் கவனமாகத்தான் எழுதினேன். சான்றிதழ் நகல், விலைப்பட்டியல், கட்டு வாரியான எடைப்பட்டியல், இ-வே பில், குறிப்பு எழுதிய எல்.ஆர்., லாரிக்காரர் கொடுத்த சேதச் சான்று, படங்கள், லாரி சர்வீசுக்கு நான் அனுப்பிய நஷ்டஈட்டுக் கோரிக்கையின் நகல், அதன் பதிவுத் தபால் ரசீது எல்லாவற்றையும் எண் போட்டு இணைத்தேன். கடைசி இரண்டும் முக்கியம். இன்சூரன்ஸ் நிறுவனம் நமக்குப் பணம் கொடுத்தால், லாரிக்காரரிடம் கேட்கும் நம் உரிமை அவர்கள் கைக்குப் போகும். அதை நாம் காப்பாற்றி வைக்கவில்லை என்றால் அதையே சாக்காக வைத்துக் குறைப்பார்கள்.

நஷ்டத்தை எப்படிக் கணக்கிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நனைந்தது 1,300 கிலோ, அதன் விலை 2,47,000. அதை அப்படியே கேட்டால் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் சிரிப்பார், ஏனென்றால் சரக்கு அழிந்துவிடவில்லை, தரம்தான் இறங்கியிருக்கிறது. பூஞ்சையைத் துலக்கி, மறுபடி புகைக்கூட்டில் ஏற்றி உலர்த்தியதில் 1,260 கிலோ தேறியது. அது கீழ்த்தரமாகக் கிலோ 155 ரூபாய்க்குப் போய் 1,95,300 வந்தது. கழித்தால் 51,700. துலக்கிப் புகைபோட்ட கூலி 7,800, திரும்பி வந்த வாடகை 3,120. ஆக 62,620 ரூபாய். கைவிட்டுப்போன லாபத்தையோ என் அலைச்சலையோ ஒரு பைசாகூடச் சேர்க்கவில்லை.

சர்வேயர் வந்து முதலில் கேட்டதே, "ஷீட் சரியாகக் காயாமல் கட்டியிருப்பீர்களோ?" என்பதுதான். சரக்கின் இயல்பான கோளாறு என்று முடித்துவிட்டால் எந்த பாலிசியிலும் பணம் கிடைக்காது. அதே புகைக்கூட்டிலிருந்து வந்த 54 கட்டும் காய்ந்தபடியே போய்ச் சேர்ந்தன, நனைந்த 26 கட்டும் கிழிசலுக்கு நேர் கீழே இருந்தவை, படம் இருக்கிறது என்று காட்டினேன். ஒத்துக்கொண்டு குறித்துக்கொண்டார். சரி, வழி பிறந்தது என்றே இருந்தேன்.

இப்போது வந்த கடிதம் என்ன சொல்கிறது தெரியுமா? சான்றிதழ் உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டின் 'பி' பிரிவாம். அதில் தீ, மின்னல், பாலம் உடைவது, வண்டி மோதுவது, கவிழ்வது, ரயில் தடம் புரள்வது ஆகியவற்றால் வரும் சேதம் மட்டுமே அடங்கும். மழை இல்லை. திருட்டும் இல்லை. மழைக்கு 'ஏ' பிரிவு வேண்டும், அதற்குப் பிரீமியம் கூடுதல். குறைந்த பிரீமியத்தில் 'பி' எடுத்துவிட்டு 'ஏ' என்ற பேச்சில் என்னிடம் விற்றிருக்கிறார்கள்!

புக்கிங் அலுவலகத்துக்குப் போனேன். முன்பெல்லாம் "இன்சூரன்ஸ் இருக்கிறதே, அங்கே கேளுங்கள்" என்று அனுப்பியவர்கள், இப்போது "அது கம்பெனி முடிவு, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். மேனேஜர் தூத்துக்குடி போயிருக்கிறாராம். எப்போது கேட்டாலும் அவர் தூத்துக்குடியில்தான் இருக்கிறார். அந்த ஊழியர் எல்.ஆரைப் புரட்டி, எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும் எழுத்தில் 'சரக்கு உரிமையாளர் பொறுப்பு' என்பதை விரலால் தட்டிக் காட்டுகிறார். இன்சூரன்ஸ் என்று 760 ரூபாய் வாங்கிய அதே விரல்.

2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் விதிப்படி, அதிக மதிப்பு அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாத சரக்குக்கு லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரை. என் வாடகைக்கு அது 96,000. நான் கேட்பது 62,620. வரம்பைக் காட்டித் தட்டிக்கழிக்க இடமே இல்லை. அடுத்த நடவடிக்கை அவர்கள் மேல்தான், வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். லாரி கிளம்பும் முன் சான்றிதழைக் கையில் வாங்கி 'ஏ' என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சரக்கை ஏற்றாதீர்கள். எல்.ஆரில் சேதத்தை எழுதாமல் வாங்குபவர் கையெழுத்துப் போடக் கூடாது. இன்சூரன்ஸ் பதில் வரட்டும் என்று லாரிக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பாமல் இருக்காதீர்கள். புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்கே போட முடியும். சேதம் தெரிந்த நாளிலிருந்து அல்ல, புக்கிங் நாளிலிருந்து. நேற்று லாரி சர்வீஸ்காரர்கள் ஓர் ஆளை அனுப்பி, 5,000 ரூபாய் தருகிறோம், 'முழுத் தீர்வு' என்று ரசீதில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். உங்களிடமும் வருவார்கள். போட்டுவிடாதீர்கள், போட்டால் மீதியைக் கேட்கிற வழியையும் அடைத்துவிடுவார்கள்.