ஒரே ஒரு இந்திச் சொல்லில் என் 85,000 ரூபாய் போனது

நேற்றுதான் மொழிபெயர்ப்பு நிறுவனத்தார் கடைசியாகக் கைவிரித்தார்கள். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

தில்லியில் சின்ன டிபன் கடை போட, ஒரு மரப் பட்டறையில் மேசை, பெஞ்சுக்கு ஆர்டர் கொடுத்தேன். ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். முன்பணம் 85,000 ரூபாய், கடைசி பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும். பட்டறைக்காரருக்கு ஆங்கிலம் வராது, இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. அதனால் இணையத்தில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு 3,500 ரூபாய் கட்டினேன். சான்றிதழ், முத்திரை எல்லாம் வைத்து அனுப்பினார்கள். "பணம் பற்றிய வரிகளைச் சரிபார்த்தீர்களா?" என்று போனில் கேட்டேன். "எங்களுக்கு வியாபார ஒப்பந்தம்தான் தினசரி வேலை, தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள்" என்றார் அந்த மனிதர். நம்பிப் போட்டேன்.

நாலே நாளில் கடை இடம் கைநழுவியது. ஒரு பலகைகூட அறுக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பயானா ஜப்த்" என்றார் பட்டறைக்காரர். அட்வான்ஸ் என்று நான் எழுதியதை மொழிபெயர்ப்பு நிறுவனத்தார் 'பயானா' ஆக்கியிருந்தார்கள். பயானா என்றால் நம் ஊர் அச்சாரம், ஜப்த் என்றால் பறிமுதல். வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் வைத்துக்கொள்ளலாம். வெறும் முன்பணத்தை அப்படிப் பிடித்துக்கொள்ள முடியாது. 2012-இல் ஒரு வீட்டு விற்பனை வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்கிறது. முன்பணத்துக்கு இந்தியில் 'அக்ரிம்', 'பேஷ்கி' என்ற சொற்கள் இருக்கின்றன. கடைத்தெருவில் இரண்டையும் பயானா என்றே சிலர் சொல்வார்கள், ஆனால் கையெழுத்துப் போட்ட தாளில் அது 85,000 ரூபாய் வித்தியாசம். சொல் மட்டும் தீர்ப்பாகாது, முழு ஒப்பந்தத்தையும் கோர்ட் பார்க்கும் என்கிறார் வக்கீல். ஆனால் வழக்குக்கே பாதிப் பணம் போய்விடும்.

நிறுவனத்தில் முதலில் "இரண்டும் ஒன்றுதான், அகராதியைப் பாருங்கள்" என்றார்கள். அப்புறம் ஒரு வாரம் பதிலே இல்லை. நேற்று, "எங்கள் பொறுப்பு நீங்கள் கட்டிய கட்டணம் வரைதான்" என்று சொல்லி, அதையும் அடுத்த ஆர்டருக்குக் கூப்பனாகத் தருகிறார்களாம். 85,000 ரூபாய்க்குக் கூப்பன்!

அவசரமாகச் சொல்கிறேன். பணம் வரும் ஒவ்வொரு இந்திச் சொல்லையும், மொழிபெயர்த்தவர் அல்லாத வேறொருவரிடம் கொடுத்து வாய்விட்டு விளக்கச் சொல்லுங்கள். "ஆர்டர் ரத்தானால் இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும்" என்று தனி வரியாக எழுதுங்கள், நான் அதை எழுதவில்லை. இந்தியில் 'பட்டா' என்றால் விலையில் தள்ளுபடி, ஆனால் 'பட்டா காத்தா' என்றால் வராக்கடன் என்று தள்ளிவிடும் கணக்கு. அதைத் தள்ளுபடிக் கணக்கு என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பெரிய தொகை என்றால் எண்ணிலும் எழுதச் சொல்லுங்கள். ஒரு 'கரப்' பத்தாயிரம் கோடிதான், டிரில்லியன் இல்லை.

மீதியை இன்னொரு நாள் எழுதுகிறேன். நாளைக் காலை மறுபடி பட்டறைக்குப் போய்ப் பேச வேண்டும்.