நண்பனுக்குச் சொல்வதை உங்களுக்கே சொல்லிப் பார்ப்பது: நாலு வழிகள், எது எதற்கு உதவும்?

8 வருஷமாக என்னோடு சேர்ந்து தொழில் செய்தவரை விட்டுப் பிரிவதா, தொடர்வதா என்று 3 வாரம் தூக்கம் கெட்டு யோசித்தேன். அவர் பங்காளி மட்டுமல்ல, நெருங்கிய நண்பரும்கூட. ஆறு மாதத்தில் மூன்று வேலைகளைக் கெடு தாண்டிக் கொடுத்தார், மூன்றாவது முறை வாடிக்கையாளரே விலகிப் போய்விட்டார். அந்த 3 வாரத்தில் ஒரே கேள்வியை நாலு விதமாக எனக்குள் கேட்டுப் பார்த்தேன், நாலுக்கும் பலன் வேறு வேறாக இருந்தது.

முதல் வழி எல்லோரும் தன்னையறியாமல் செய்வது: 'நான்' என்று யோசிப்பது. அன்று நோட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்குது? நான் அவரை எவ்வளவு நம்பினேன்! இப்ப விட்டா நான் துரோகி, விடலைன்னா நான் ஏமாளி." இரண்டு பக்கம் இப்படியே போகிறது, ஒரு புதுத் தகவல்கூட இல்லை. 'ஏன்' என்று கேட்பதில் தப்பில்லை, எங்கே நின்று கேட்கிறோம் என்பதுதான் விஷயம். உளவியலாளர்கள் கிராஸ், அய்டுக், மிஷெல் மூவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நடந்ததற்குள்ளேயே மூழ்கி 'ஏன்' என்று கேட்டால் கோபம் மறுபடி கிளறப்படுகிறது, கொஞ்சம் தள்ளி நின்று கேட்டால் அதே கேள்வி விளக்கம் தேடுகிறது. உங்கள் குறிப்பில் ஒரே காட்சி மூன்றாவது தடவையாக வந்தால் நீங்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, சொந்தப் பெயரைச் சொல்லி 'நீ' என்று பேசுவது. மேலோட்டமாக இது ஒரு சின்ன இலக்கண மாற்றம்தான், ஆனால் இந்த நாலில் எனக்கு வேகமாக வேலை செய்தது இதுதான். அதே கிராஸ், ஈதன் கிராஸ், குழுவின் 2014 ஆய்வுகளில் ஒன்றில், ஆட்களுக்கு வெறும் 5 நிமிடம் கொடுத்து மேடைப் பேச்சுக்குத் தயாராகச் சொன்னார்கள். தங்கள் பெயரைச் சொல்லித் தங்களோடு பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள், பிறகு அதை நினைத்து நினைத்து வெட்கப்படுவதும் அவர்களிடம் குறைவாக இருந்தது. 2017-இல் மோசர் குழு மூளை மின்னலைகளை அளந்தபோது, கலங்க வைக்கும் படங்களைப் பார்த்தவர்களிடம் இந்தத் தணிவு 1 நொடிக்குள்ளேயே தெரிந்தது, அதற்காக மனதைக் கட்டுப்படுத்தும் கூடுதல் உழைப்பும் தென்படவில்லை.

தமிழில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'நான்' என்ற சொல்லை விட்டுவிட்டாலும் வினைச்சொல் காட்டிக் கொடுத்துவிடும். "ஏமாந்தேன், நம்பினேன்" என்று அந்த '-ஏன்' விகுதிக்குள்ளேயே நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் வாக்கியத்தையே மாற்ற வேண்டும்: "நீ நம்பினாய், இப்போது என்ன தெரிந்திருக்கிறது உனக்கு?" இன்னொரு பொறி: "நீ எப்பவுமே இப்படித்தான், உனக்கு ஆளைத் தெரியாது." இதிலும் 'நீ' இருக்கிறது, தூரம்தான் இல்லை, திட்டுபவரும் திட்டு வாங்குபவரும் ஒரே அறையில் நிற்கிறார்கள். அதே வார்த்தையை நண்பனின் முகத்துக்கு நேரே சொல்வேனா என்று கேட்டுக்கொண்டேன், சொல்ல மாட்டேன், உடனே அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். இந்த வழியில் படபடப்பு தணிந்தது. முடிவு மட்டும் வரவில்லை.

மூன்றாவது, பத்து வருஷம் கழித்து இதை எப்படிப் பார்ப்பேன் என்று கேட்பது. இது என்னைத் தூங்க வைத்தது, அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே சிறியதாகத் தெரிகிறது, நாளைக்கே எடுக்க வேண்டிய முடிவும் அதோடு சேர்ந்து சிறியதாகிவிடுகிறது. முடிந்துபோன அவமானத்துக்கு இது நல்ல மருந்து, நடந்துகொண்டிருக்கும் பிரச்சினைக்கு இதை நான் நம்புவதில்லை.

நான்காவதுதான் எனக்குக் கதவைத் திறந்தது: இதே நிலைமையில் ஒரு நண்பன் வந்து நின்றால் என்ன சொல்வேன்? பிறருக்குப் புத்தி சொல்லும்போது நாம் தெளிவாக இருப்பதும் நம் விஷயத்தில் தடுமாறுவதும் ஆய்வில் பார்த்த சங்கதிதான். கிராஸ்மன், கிராஸ் இருவரும் 2014-இல் இதற்குச் சாலமன் முரண் என்று பெயர் வைத்தார்கள், ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லிவிட்டுத் தன் விஷயத்தில் தடுமாறிய பைபிள் அரசன் சாலமனை நினைத்து. துணை துரோகம் செய்துவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள்: சிலருக்குத் தங்கள் துணை, சிலருக்கு நண்பரின் துணை. நண்பரின் கதையை யோசித்தவர்கள்தான் "எனக்குத் தெரியாதது என்ன", "எதிராளி எப்படிப் பார்ப்பார்", "நிலைமை மாறலாமா" என்றெல்லாம் அதிகம் கேட்டார்கள். தங்கள் கதையையே மூன்றாம் மனிதராக நின்று யோசிக்கச் சொன்னபோது அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. 60 வயது தாண்டியவர்களுக்கும் தங்கள் சொந்த விஷயத்தில் அனுபவம் தனியாகக் கைகொடுத்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

நான் இப்படி எழுதினேன்: "நண்பா, மூன்று தடவை தாமதம் என்கிறாய். சரி, ஏன் தாமதம் ஆச்சுன்னு அவரிடம் கேட்டாயா?" பேனா அங்கேயே நின்றுவிட்டது. கேட்கவில்லை. கோபத்தைக் காட்டியிருக்கிறேன், குத்தலாகப் பேசியிருக்கிறேன், வாயைத் திறந்து கேட்டதில்லை. இரண்டு பக்கம் 'நான்' எழுதியும் கண்ணில் படாத ஓட்டை, ஒரே ஒரு 'நண்பா'வில் தெரிந்துவிட்டது. மறுநாள் கேட்டேன். கடன் அடைக்க இரவில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார், வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

ஆனால் இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்த 'நண்பா' கடிதத்தின் கடைசி வரி "நம்பிக்கை போச்சு, பிரிந்துவிடு" என்று மிகச் சுலபமாக முடிந்திருந்தது. ஆலோசனை சொல்பவர் முக்கியமான ஒரே அம்சத்துக்கு அதிக எடை கொடுத்து மற்றதைக் கைவிடுவார், முடிவெடுக்கப் போகிறவர் எல்லா அம்சங்களையும் கிட்டத்தட்டச் சமமாக நிறுத்துப் பார்ப்பார் என்று க்ரே, கொன்சாலஸ் இருவரும் 1999-லேயே எழுதியிருக்கிறார்கள். ஆலோசனை சொல்பவருக்கு அடுத்த நாள் காலையில் யாரோடும் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியதில்லை. அதனால் மறுபடி 'நான்'-க்குத் திரும்பினேன், இந்த முறை புலம்ப அல்ல, விட்டுப்போனதை எண்ண. கணக்கு முழுதும் அவர் தலையில் இருக்கிறது, பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவர் குரலைக் கேட்டுத்தான் வருகிறார்கள், அவர் பிள்ளைகள் என் பிள்ளைகளோடு வளர்கிறார்கள்.

இப்போது வாடிக்கையாளருக்குத் தேதி சொல்வது நான் மட்டும், கணக்கு அவர் மட்டும். நான்கு மாதத்துக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவதாக நாளையும் குறித்துவிட்டோம், அன்று இரண்டு பேருமே பிரியலாம் என்று சொல்ல உரிமை உண்டு.